பட்டியலை விட்டுச் சொந்தக்காரரைத் தேடு: தமிழ் எழுத்துப் பிழைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமநாதபுரம் கடலோரத்துத் தொடக்கப் பள்ளி ஒன்றில் நாலாம், ஐந்தாம் வகுப்புகளுக்குத் தமிழ் எடுக்கிறேன். வாரம் பத்துச் சொல் கொடுத்து ஐந்து தடவை எழுதச் சொல்லும் பழக்கத்தை நிறுத்திவிட்டு, ஒரே மாதிரி அமைந்த சொற்களையும் ஒரே வேரில் பிறந்த சொற்களையும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்ததிலிருந்து பெற்றோரும் பக்கத்துப் பள்ளி ஆசிரியர்களும் கேட்ட கேள்விகள் இவை. கேட்டது கேட்டபடியே இருக்கட்டும் என்று அவர்கள் வார்த்தையிலேயே போட்டிருக்கிறேன்.

நாங்க எல்லாம் அஞ்சு தடவை, பத்துத் தடவை எழுதித்தானே படிச்சோம்? இப்ப மட்டும் அது ஏன் ஆகாது டீச்சர்?

பிள்ளை எப்படி எழுதுகிறது என்று ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். ‘வறட்சி’யை ஐந்து தடவை எழுதச் சொன்னால், முதலில் மேலிருந்து கீழே ஐந்து ‘வ’, அப்புறம் அதன் பக்கத்தில் ஐந்து ‘ற’, அப்புறம் ஐந்து ‘ட்’ என்று வரிசையாக இறக்கிவிடும். வேலை சீக்கிரம் முடியும், நோட்டும் அழகாக இருக்கும், ஆனால் ‘வறட்சி’ என்ற சொல்லைப் பிள்ளை ஒரு தடவைகூட எழுதியிருக்காது. ஒழுங்காக இடமிருந்து வலமாக எழுதுகிற பிள்ளையும் மேல் வரியைப் பார்த்துத்தான் அடுத்த வரியை எழுதுகிறது. அதனால் முதல் வரியில் ஒரு பிழை விழுந்தால் அது ஐந்து தடவை மனதில் பதிகிறது.

இன்னொரு சிக்கல், பட்டியலில் இருக்கும் பத்துச் சொல்லுக்கும் ஒன்றோடொன்று சம்பந்தம் இருக்காது. பாடத்தின் கடைசியில் இருக்கிற சொற்கள் என்பதுதான் அவற்றுக்குள் இருக்கும் ஒரே உறவு. ‘முயற்சி’யை மனப்பாடம் செய்த பிள்ளைக்கு ‘பயிற்சி’ வந்தால் அது புதுச் சொல்தான், திரும்பவும் முதலிலிருந்து. வெள்ளிக்கிழமை பத்துக்குப் பத்து வாங்கிய பிள்ளை திங்கட்கிழமை கட்டுரையில் ‘முயர்ச்சி’ என்று எழுதுவது இதனால்தான்.

சொற்குடும்பம், அமைப்பு அப்படின்னு சொல்றீங்களே, அது ரெண்டும் ஒண்ணா வேறயா?

வேறு வேறு. ஒரே வேரிலிருந்து வந்த சொற்கள் ஒரு குடும்பம்: வாழ், வாழ்ந்தான், வாழ்வு, வாழ்க்கை, வாழ்த்து. இதில் ‘ழ்’ எங்கும் மாறாமல் வருகிறது, ஒன்று தெரிந்தால் மற்றவை தானாகத் தெரியும். அமைப்பு என்பது வேர் வேறாக இருந்தாலும் எழுத்துகள் ஒரே மாதிரி அடுக்கப்படுவது: முயற்சி, பயிற்சி, சுழற்சி. மூன்றுக்கும் பொருளில் உறவு இல்லை, ஆனால் மூன்றிலும் ‘ற்’றுக்குப் பிறகு ஒற்றைச் ‘சி’தான்.

இரண்டும் சேர்ந்தால்தான் பலன். அமைப்பு மட்டும் தெரிந்த பிள்ளைக்கு ‘வளர்ச்சி’யில் வருவது ‘ர்’ரா ‘ற்’றா என்று தெரியாது. குடும்பத்தில் போய் ‘வளர்’ என்பதைப் பார்த்தால் தெரியும்.

எந்த வகுப்புலேருந்து இதை ஆரம்பிக்கலாம்? ஒண்ணாப்புப் பிள்ளைக்கு இதெல்லாம் புரியுமா?

எழுத்தே கைவராத பிள்ளைக்கு இது வேண்டாம். எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளைப் பிரித்திருக்கிறார்களே, அதில் அரும்பில் இருக்கிற பிள்ளைக்கு எழுத்தும் ஓசையும் சேர வேண்டும், அவ்வளவுதான். இரண்டாம், மூன்றாம் வகுப்பில் கண்ணுக்குத் தெரிகிற சின்ன ஜோடிகள் போதும்: கல், கற்கள், பல், பற்கள், முள், முட்கள். எங்கள் பிள்ளைகளுக்குக் கடல், கடற்கரை, கடற்பாசி என்று கொடுத்தால் அடுத்த நிமிடம் தாங்களே இன்னொன்று கொண்டு வருவார்கள். வினைச்சொல்லிலிருந்து பெயர்ச்சொல்லுக்குப் போகிற வேலை, கீழே வரப்போகிற ‘சி’ பாடம் மாதிரியானவை, நாலாம் வகுப்புக்கு மேல்தான் சரிப்படும்.

எங்க பக்கம் யாரும் ‘ழ’ சொல்றதே இல்ல. பளம், மளைதான். காதுல விழாத எழுத்தைப் பிள்ளை எப்படி எழுதும்?

காதை நம்பி எழுதச் சொன்னால் எழுத முடியாதுதான். தென்மாவட்டங்களில் பெரும்பாலும் ‘ழ’வும் ‘ள’வும் பேச்சில் ஒன்றாகிவிட்டன. ‘ர’வும் ‘ற’வும் பெரும்பாலானோர் வாயில் ஒன்றுதான். ‘ற்ற’ என்பது பேச்சில் ‘த்த’ ஆகிவிடுகிறது, காற்று காத்தாகிறது, நேற்று நேத்தாகிறது. யாழ்ப்பாணத்துப் பேச்சில் அந்த ‘ற்ற’ இன்னும் தனி ஒலியாக இருப்பதால், இலங்கையிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளைகள் வகுப்பில் இருந்தால் ஒரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்கலாம். ஆனால் அதற்காக மற்ற பிள்ளைகளின் பேச்சைத் திருத்தக் கிளம்ப வேண்டாம். பேச்சு பேச்சாக இருக்கட்டும்.

காதுக்குப் பதிலாகப் பிள்ளைக்கு வேறு ஒரு பிடி வேண்டும். அந்தப் பிடியைச் சொல்லின் சொந்தக்காரர்கள், அதாவது அதே வேரில் பிறந்த சொற்கள், தருகிறார்கள், எப்படி என்றால், தமிழில் இந்த எழுத்துகள் ஒலியில் ஒன்றாகிவிட்டாலும் அடுத்த எழுத்தோடு சேரும்போது ஒவ்வொன்றும் வேறு மாதிரி மாறுகிறது. ‘ல்’ மாறினால் ‘ற்’ அல்லது ‘ன்’ ஆகும். ‘ள்’ மாறினால் ‘ட்’ அல்லது ‘ண்’ ஆகும். ‘ழ்’ பெரும்பாலும் மாறாது. கொல் என்றால் கொன்றான், கொள் என்றால் கொண்டான். வெல், வென்றான், ஆள், ஆண்டான், வாழ், வாழ்ந்தான். ‘ன்ற’வையும் ‘ண்ட’வையும் ‘ந்த’வையும் எந்த ஊர்ப் பிள்ளையும் படிக்கும்போது பிரித்துவிடும். அதனால் சந்தேகம் அடிச்சொல்லில் இருந்தால் இறந்தகாலத்தில் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள்.

திசைகளிலும் இதே கதைதான். மேல் என்பதில் ‘ல்’ இருப்பதால் மேற்கு, தென் என்பதில் ‘ன்’ இருப்பதால் தெற்கு, கீழ் என்பதில் ‘ழ்’ இருப்பதால் கிழக்கு. கீழக்கரைக்கும் கீழமுந்தலுக்கும் பலகையில் ‘ழ’ போட்டிருப்பதைப் பிள்ளைகள் பஸ்ஸில் போகும்போது பார்த்தவர்கள்தானே, அதையே கரும்பலகைக்குக் கொண்டுவாருங்கள்.

சரி, ஒரு வாரம் இதை எப்படித்தான் நடத்துறது? பட்டியல் இல்லாம திங்கக்கிழமை என்ன எழுதிப் போடுறது?

பட்டியல் உண்டு, ஆனால் அது ஒரு காரணத்தோடு சேர்ந்த பட்டியல். நான் ஐந்தாம் வகுப்பில் நடத்துகிற ‘சி’ வாரத்தை அப்படியே சொல்கிறேன். தினம் கால் மணி நேரம், காப்பி எழுதுகிற நேரத்தில் இது.

திங்கட்கிழமை பன்னிரண்டு சொல் கலந்து எழுதிப்போடுகிறேன்: பயிற்சி, வளர்ச்சி, ஆட்சி, மகிழ்ச்சி, முயற்சி, உணர்ச்சி, வறட்சி, நிகழ்ச்சி, சுழற்சி, தேர்ச்சி, காட்சி, வீழ்ச்சி. பிள்ளைகள் பழைய கல்யாணப் பத்திரிகையை வெட்டி, பின்பக்கத்தில் ஒரு துண்டுக்கு ஒரு சொல்லாக எழுதுகிறார்கள். எழுதி முடித்ததும் “ஒத்துப்போகிறவற்றைச் சேர்த்து வையுங்கள்” என்று மட்டும்தான் சொல்வேன். சிலர் முதல் எழுத்தை வைத்துப் பிரிப்பார்கள், சிலர் சின்னச் சொல், பெரிய சொல் என்று பிரிப்பார்கள், பிரிக்கட்டும். பிறகு “‘சி’க்கு முன்னால் என்ன இருக்கிறது பார்” என்றால் கொஞ்ச நேரத்தில் இரண்டு குவியல் ஆகிவிடும். ஒன்றில் ‘ச்சி’ என்று முடியும் ஆறு, இன்னொன்றில் வெறும் ‘சி’யில் முடியும் ஆறு. அடுத்து, வெறும் ‘சி’ குவியலில் அதற்கு முன்னால் ‘ற்’ அல்லது ‘ட்’ மட்டுமே இருப்பதையும், ‘ச்சி’ குவியலில் ‘ர்’ அல்லது ‘ழ்’ இருப்பதையும் யாராவது ஒரு பிள்ளை கத்திச் சொல்லும். அதை நான் சொல்லக் கூடாது, அவர்கள் வாயிலிருந்து வர வேண்டும்.

செவ்வாய்க்கிழமை சொந்தக்காரரைத் தேடுகிற நாள். “மழை இல்லாமல் கண்மாய் என்ன ஆனது?” “வறண்டு போச்சு.” வறண்டது, வறள், வறட்சி என்று மூன்றையும் ஒரு வரியில் எழுதுகிறோம். இந்த மாவட்டத்துப் பிள்ளைக்கு வறட்சியை விளக்க வேண்டியதில்லை. இப்படியே பன்னிரண்டுக்கும் ஆள் தேடினால் மூன்று வரிசை கிடைக்கும். முயன்றான், பயின்றான், சுழன்றது என ‘ன்ற’ வருகிறவை எல்லாம் ‘ற்சி’. ஆண்டான், வறண்டது, கண்டான் என ‘ண்ட’ வருகிறவை எல்லாம் ‘ட்சி’. வளர்ந்தான், உணர்ந்தான், தேர்ந்தான், மகிழ்ந்தான், நிகழ்ந்தது, வீழ்ந்தான் என ‘ந்த’ வருகிறவை எல்லாம் ‘ச்சி’. இந்த மூன்று வரிசையும் வாரம் முழுக்கப் பலகையில் அழியாமல் இருக்கும்.

இந்த நாளில் தடங்கல் வருவது ‘முயற்சி’யில். முயல் என்றவுடன் பிள்ளைகளுக்கு மண்டபத்துக்குப் பக்கத்து முயல் தீவுதான் ஞாபகம் வரும், வகுப்பே சிரிக்கும். ‘முயன்றான்’ பேச்சில் இல்லாத சொல், அதைப் பாடப் புத்தகத்தில் ஒரு வாக்கியத்தில் காட்டினால்தான் ஒட்டும். ‘வளர்ந்தான்’ பேச்சில் ‘வளந்தான்’ ஆகிவிடுவதால் ‘ர்’ரை விட்டு எழுதுகிற பிள்ளைகளும் உண்டு, அவர்களை அடிச்சொல்லான ‘வளர்’ரை முதலில் சொல்லச் சொல்லுங்கள்.

புதன்கிழமையும் வியாழக்கிழமையும் எழுதுகிற நாள்கள். சொற்களை வாக்கியத்தில் வைத்துச் சொல்வேன், பலகையில் இருக்கிற அடிச்சொல்லைப் பார்க்கலாம், ஆனால் முழுச்சொல்லைத் துணியால் மூடிவிடுவேன். வெள்ளிக்கிழமை சொல்வதை எழுதுதல். அதில் எட்டுச் சொல். ஐந்து படித்தது, மூன்று படிக்காதது: மீட்சி, அதிர்ச்சி, புரட்சி. படிக்காததற்கு “மீண்டான், அதிர்ந்தது, புரண்டான்” என்று சொந்தக்காரரை மட்டும் வாயால் சொல்லிவிட்டு எழுதச் சொல்வேன். இந்த மூன்றையும் சரியாக எழுதினால்தான் வாரம் வேலை செய்தது என்று அர்த்தம்.

‘முயற்ச்சி’, ‘அதற்க்கு’ன்னு பெரியவங்களே எழுதறாங்க. பிள்ளைக்கு ஏன் அந்த இடத்துல ‘ச்’சும் ‘க்’கும் போடத் தோணுது?

காது சரியாகக் கேட்பதால்தான் தோன்றுகிறது. தமிழில் க, ச, த, ப எழுத்துகள் சொல்லின் நடுவில் தனியாக வந்தால் மெலிந்து ஒலிக்கும், மார்கழியில் வரும் ‘க’ மாதிரி. அழுத்தமாக ஒலிக்க வேண்டுமானால் முன்னால் ஒற்று வேண்டும்: பார்க்க, வளர்ச்சி, வாழ்க்கை, வாய்ப்பு. ‘முயற்சி’யில் ‘ச’ அழுத்தமாகத்தான் கேட்கிறது, அதனால் பிள்ளை வழக்கம்போல ஒரு ‘ச்’ போடுகிறது. ஆனால் ‘ற்’றும் ‘ட்’டும் தாங்களே வல்லினம். அவற்றுக்குப் பின்னால் வருகிற எழுத்து இயல்பாகவே அழுத்தமாக ஒலிக்கும், தனியாக ஒற்றுத் தேவையில்லை.

பிள்ளைக்கு இத்தனை சொல்ல வேண்டாம். ‘ற்’, ‘ட்’ இரண்டுக்கும் அடுத்த எழுத்தின் தலையில் புள்ளி வராது என்றால் போதும்: அதற்கு, கற்க, விற்பனை, கேட்க, நட்பு, வெட்கம், பாட்டு, காற்று எல்லாம் அடங்கிவிடும். இதைத் தலைகீழாகத் திருப்பக் கூடாது. ‘ர்’ருக்குப் பின்னால் புள்ளி வரலாம், வராமலும் போகலாம், ‘ஊர்கள்’ இருக்கிறதே. ஒரு பக்கம் மட்டும் திறக்கிற விதி இது என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

ண, ன, ந மூணும் குழப்புது. ‘வேன்டும்’னே எழுதறான் என் பையன். இதுக்கும் குடும்பம் பார்க்கணுமா?

இதற்குப் பாதி வேலையை அமைப்பே முடித்துவிடும். ‘ட’வுக்கு முன்னால் ‘ண்’, ‘த’வுக்கு முன்னால் ‘ந்’, ‘ற’வுக்கு முன்னால் ‘ன்’. மண்டபம், தொண்டி, நண்டு, வேண்டும், மீண்டும், முந்தல், சந்தை, தென்றல், கன்று. ஊர்ப்பெயரை வைத்தே மனதில் நிறுத்தலாம். தமிழ்ச் சொற்களில் இது தவறாது, ஆங்கிலத்திலிருந்து வந்த ‘இன்டர்நெட்’ மாதிரியானவற்றைக் கணக்கில் எடுக்காதீர்கள். சொல்லின் முதல் எழுத்து என்றால் ‘ந’ மட்டும்தான், ‘ண’வும் ‘ன’வும் சொல்லைத் தொடங்காது.

‘க’வுக்கும் ‘ப’வுக்கும் முன்னால் இந்த உத்தி உதவாது. நண்பன் இருக்கிறான், அன்பும் இருக்கிறது. தனியாக நிற்கிற மனம், மணம் மாதிரி ஜோடிக்கும் உதவாது. அங்கே குடும்பத்துக்குப் போகலாம். மணந்தது, மணமகள், மணக்கும் ஒரு பக்கம். மனசு, மனப்பாடம், மனநிலை ஒரு பக்கம்.

கரி, கறி, பரவை, பறவை மாதிரி ஜோடியைச் சேர்த்தே சொல்லிக்கொடுத்துடலாம்ல? வித்தியாசம் தெரியுமே.

தெரியாத இரண்டை ஒரே நாளில் சேர்த்துக் கொடுத்தால் வாழ்நாள் முழுக்க எது எது என்ற சந்தேகம் மட்டும்தான் நிற்கும். வலி, வளி, வழி என்று மூன்றையும் ஒரே பலகையில் எழுதிப் பொருள் கேட்கிற பயிற்சி பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் அது ஏற்கெனவே தெரிந்தவனுக்கான பயிற்சி. முதலில் பறவையை அதன் குடும்பத்தோடு உட்கார வையுங்கள்: பற, பறந்தது, பறக்கிறது, பறவை. அது கை தவறாமல் வந்த பிறகு, சில வாரம் கழித்து, பர, பரந்த, பரப்பு, பரவியது, பரவை. பரவை என்றால் கடல். பரந்து கிடப்பது என்று சொன்னால் கரையிலேயே வளர்ந்த பிள்ளைக்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

எங்கள் பக்கம் ‘வாளை’ மீனையும் ‘வாழை’ மரத்தையும் மாற்றி எழுதுவது அதிகம். இதில் நான் செய்வது, வாளையை வாளோடு சேர்ப்பது. தட்டையாக நீளமாக மின்னுகிற மீன், கையில் பிடித்தாலே வாள் மாதிரிதான் இருக்கும். மறுபடி கேட்க வேண்டி வராது.

சொந்தக்காரரே இல்லாத சொல்லுக்கு என்ன பண்றது?

அப்படி நிறைய இருக்கின்றன, அதை மறைக்க வேண்டாம். இறால், சுறா, கிளி, மழை, பள்ளி. இவற்றை எந்த வினைச்சொல்லும் காட்டிக்கொடுக்காது, பார்த்துப் படித்து எழுதிப் பழகத்தான் வேண்டும். ஆனால் வாரத்துக்கு இரண்டு மூன்று போதும். அந்த இரண்டு மூன்றையும் பார்த்து, மூடி, எழுதி, திறந்து சரிபார்க்கச் சொல்லுங்கள், முதல் கேள்வியில் சொன்ன மாதிரி மேலிருந்து கீழே இறக்க விடாதீர்கள். ‘மழை’ ஒன்று நின்றுவிட்டால் மழைக்காலம், மழைத்துளி எல்லாம் அதோடு வரும், ஆக அதுவும் பின்னாலே ஒரு குடும்பமாகிவிடுகிறது.

விதியைச் சொல்லிக்கொடுத்த பிறகு என் வகுப்புல ‘முத்து’வை ‘முற்று’ன்னு எழுதறாங்க. முன்னாடி சரியா எழுதினவங்க! இது பின்னடைவு இல்லையா?

பிள்ளைக்கு விதி பிடித்துவிட்டது, எல்லை பிடிபடவில்லை. பேச்சில் ‘த்த’ என்று கேட்டால் எழுத்தில் ‘ற்ற’ என்று கற்றுக்கொண்டவன் எல்லா ‘த்த’வையும் மாற்றுகிறான். பேச்சில் கேட்கிற ‘த்த’வுக்குப் பின்னால் மூன்று இருக்கலாம்: பத்து, முத்து மாதிரி நிஜ ‘த்த’, நேற்று மாதிரி ‘ற்ற’, பாத்தான் என்று சொல்லிப் பார்த்தான் என்று எழுதுகிற ‘ர்த்த’. மூன்றுக்கும் மூன்று கட்டம் போட்டு, பேச்சில் வருகிற சொற்களை அதில் போடச் சொல்லுங்கள். சோத்துப் பானை சோற்றுப் பானை, ஏனென்றால் சோறு. ஆத்துத் தண்ணி ஆற்றுத் தண்ணீர், ஏனென்றால் ஆறு. வித்தான் என்பது விற்றான், ஏனென்றால் விலை, விற்பனை. இப்படி ‘ற’வோ ‘ல’வோ சொந்தக்காரராக வந்தால் ‘ற்ற’. யாரும் வரவில்லை என்றால் ‘த்த’வாக விட்டுவிடலாம், காற்று, நேற்று போன்ற சிலவற்றை மட்டும் தனியாக நினைவில் வைக்க வேண்டும்.

ஒரே வாரத்தில் ஒரு விதியும் அதன் எல்லையும் சேர்ந்து வராவிட்டால் இந்தப் பிழை எல்லா வகுப்பிலும் வரும். ஒரு விதிக்குப் பொருந்துகிற சொற்களை மட்டுமே கொடுத்துப் பழக்கினால் பிள்ளை யோசிக்காமல் எழுதும், பொருந்தாத இரண்டைக் கலந்து வைத்தால்தான் நின்று பார்க்கும்.

‘நாட்கள்’ சரியா ‘நாள்கள்’ சரியா? முள்ளுக்கு முட்கள்னா நாளுக்கு நாட்கள்தானே வரணும்?

கல், பல், சொல், முள் என்று ஒரே ஒரு குறிலுக்குப் பின்னால் ‘ல்’லோ ‘ள்’ளோ வந்தால் ‘கள்’ சேரும்போது மாறுகிறது: கற்கள், சொற்கள், முட்கள். நெடிலாக இருந்தாலும், சொல் நீளமாக இருந்தாலும் அப்படியே நிற்கிறது: கால்கள், தோள்கள், விரல்கள், கடல்கள். காற்கள் என்று யாரும் எழுதுவதில்லை. அந்தக் கணக்கில் நாள்கள்தான் வர வேண்டும், நான் அப்படித்தான் எழுதுகிறேன். ஆனால் நாட்கள், பொருட்கள், ஆட்கள் என்பவை அச்சிலும் பேச்சிலும் வேரூன்றிவிட்டன, அதனால் பிள்ளை எழுதினால் சிவப்பு மை போட மாட்டேன். கருப்பு, கறுப்பு இரண்டுக்கும் இதே பதில். பெரியவர்களே சண்டை போடுகிற சொல்லைச் சொல்வதை எழுதுதலில் கேட்காமல் இருப்பது நல்லது.

பட்டியல் நோட்டு எங்கேன்னு பார்வைக்கு வர்றவங்க கேட்டா என்ன காட்டுறது? மதிப்பெண்ணும் முதல்ல குறையுதே.

குறையும். பட்டியல் முறையில் மனப்பாடம் செய்த பத்தைத்தான் கேட்கிறோம், இங்கே படிக்காத மூன்றும் கலந்து வருகிறது. இரண்டையும் ஒரே அளவுகோலில் வைத்தால் நியாயமாக இருக்காது. அதனால் நான் இரண்டு எண்ணாக எழுதி வைக்கிறேன்: படித்ததில் எத்தனை, படிக்காததில் எத்தனை. இரண்டாவது எண் ஏறுகிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது. அதோடு, மாதம் ஒரு தடவை பிள்ளை சொந்தமாக எழுதிய அரைப் பக்கத்தை எடுத்து, அந்த மாதம் நடத்திய அமைப்பில் மட்டும் எத்தனை பிழை என்று பார்க்கிறேன். வேறு பிழைகளை அப்போது தொடுவதில்லை. பக்கம் முழுக்கச் சிவப்பாக இருந்தால் பிள்ளை அடுத்த தடவை தெரிந்த சின்னச் சொற்களை மட்டும் வைத்து எழுதி ஒப்பேற்றிவிடும்.

அவங்க அப்பா கடலுக்குப் போயிடுவாரு, எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. காப்பி எழுதினா நோட்டைப் பார்த்தாவது தெரியும். இதுல நான் என்னம்மா பார்க்கிறது?

நீங்கள் படிக்க வேண்டாம்மா, சொல் கொடுத்தால் போதும். “இன்னைக்கு எந்தச் சொல்லுக்கு ஆள் தேடணும்?” என்று கேளுங்கள். கடல் என்று பிள்ளை சொன்னால், அந்தச் சொல் ஒட்டிய வேறு சொற்களை உங்களுக்குத் தெரிந்த வரைக்கும் சொல்லுங்கள், அதை எழுதுவது பிள்ளை வேலை. வலை, மீன், காற்று பற்றிப் பள்ளிக்கூடத்தில் எனக்குத் தெரியாத சொற்கள் உங்கள் வீட்டில் இருக்கின்றன. அப்புறம், எழுதியதைக் காட்டினால் “இந்த எழுத்துதான்னு உனக்கு எப்படித் தெரியும்?” என்று ஒரே ஒரு கேள்வி. பிள்ளை காரணம் சொல்லிவிட்டால் சரி. முழித்தால் நோட்டில் ஒரு கோடு போட்டு அனுப்புங்கள், மறுநாள் நான் பார்த்துக்கொள்கிறேன்.

இங்கிலீஷுக்கும் இதே முறை சரிப்படுமா?

யோசனை ஒன்று, விதிகள் வேறு. ஆங்கிலத்தில் லைட், நைட், ரைட், ஃபைட் நாலும் கடைசி நாலு எழுத்து ஒரே மாதிரி வருகிற ஒரு கூட்டம், அதை ஒன்றாகக் கொடுக்கலாம். கேட்காத எழுத்தைச் சொந்தக்காரர் காட்டிக்கொடுப்பதும் அங்கே உண்டு: ‘சைன்’ என்ற சொல்லில் கேட்காத ‘ஜி’ எழுத்து ‘சிக்னேச்சர்’ என்பதில் கேட்டுவிடும். ஆனால் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரே வாரத்தில் ஆரம்பிக்க வேண்டாம். தமிழில் ‘சி’ வாரம் மாதிரி மூன்று நாலு வாரம் ஓடி, சொந்தக்காரரைத் தேடுவது பிள்ளைக்குப் பழகிய பிறகு அங்கே போங்கள்.